பைஃபோக்கல் கோடு எங்கே நிற்க வேண்டும்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கண்ணாடிக் கடைக்குப் போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்துச் செக்ரோல் எழுதிப் பழகிய கை. இப்போது தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. வேறொரு கடையில் செய்த பைஃபோக்கல் கண்ணாடி போட்டிருந்தார்.

“கண்ணாடியில குறை சொல்ல முடியாது தம்பி, எழுத்து நல்லாத்தான் தெரியுது. கழுத்துதான் பிடிச்சுக்குது. ரெண்டு தடவை மருந்துகூட வாங்கிட்டேன்” என்றார்.

கையில் பத்திரிகையைக் கொடுத்து, வீட்டில் படிப்பது போலப் படிக்கச் சொன்னேன். பத்திரிகை மடியில் இருந்தது. கண் அதை நோக்கிக் கீழே போக வேண்டும். இவருக்கோ சேவல் கூவப் போவதைப் போல முகவாய் மேலே போனது. எழுந்து போய் ஃபிரேமின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெல்ல மேலே தூக்கினேன். முகவாய் தானாக இறங்கியது. அரை சென்டிமீட்டர் தூக்கியிருப்பேன். பவரில் தப்பில்லை, கோடு இருக்கிற இடத்தில்தான் தப்பு என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கண்ணாடி செய்பவர்களுக்கும், செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்த ஒரு கண்ணாடியை வைத்தே முழுக் கணக்கையும் எழுதுகிறேன்.

துண்டின் வடிவம்

பைஃபோக்கல் லென்ஸின் பெரும்பகுதி தூரப் பார்வைக்கு. அதன் கீழ்ப்பகுதியில், படிப்பதற்கான கூடுதல் பவருடன் ஒரு துண்டு இருக்கும். அந்தக் கூடுதல் பவரை ஆடிஷன் என்கிறோம். கிராணி ஐயாவுக்குத் தூரத்துக்கு +0.75, ஆடிஷன் +2.25. துண்டின் மேல் விளிம்பைத்தான் எல்லோரும் ‘கோடு’ என்று சொல்கிறார்கள்.

கடைகளில் பெரும்பாலும் மூன்று வகைத் துண்டுகள்தான் புழக்கத்தில் உண்டு. மேல் விளிம்பு நேராக வெட்டப்பட்ட ஃபிளாட் டாப், நிலா போல் வட்டமான ரவுண்ட், லென்ஸின் குறுக்கே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கோடு ஓடும் எக்ஸிகியூட்டிவ். ஃபிளாட் டாப்பில் அதிகம் போவது 28 மி.மீ. அகலமுள்ள டி 28. ரவுண்டில் 22 மி.மீ. துண்டு பழையது, வெளியே கோடு அவ்வளவாகத் தெரியாது என்பதற்காகவே அதைக் கேட்கிறவர்கள் உண்டு. எக்ஸிகியூட்டிவ், 1780களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டு லென்ஸ்களைப் பாதிப் பாதியாக வெட்டி ஒரே ஃபிரேமில் வைத்துப் போட்டுக்கொண்ட கண்ணாடியின் வழிவந்தது.

வடிவத்தைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து போவோம். பார்க்க வேண்டியது, துண்டின் ஒளிமையம் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை. ரவுண்ட் 22 முழு வட்டம் என்பதால் அதன் மையம் கோட்டுக்கு 11 மி.மீ. கீழே இருக்கும். டி 28இல் வட்டத்தின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டதால் மையம் 5 மி.மீ. கீழேயே கிடைத்துவிடும். எக்ஸிகியூட்டிவில் மையம் கோட்டிலேயே இருக்கிறது.

இதனால் என்ன ஆகும்? கண் தூரப் பகுதியிலிருந்து கோட்டைத் தாண்டித் துண்டுக்குள் நுழையும் கணத்தில், பார்க்கிற பொருள் ஒரு குதி குதிக்கும். மையத்துக்கு விலகிய எந்த இடமும் பிரிசம் போல் வேலை செய்வதுதான் காரணம். கணக்கு சுலபம்: கோட்டிலிருந்து மையம் வரை உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து ஆடிஷனால் பெருக்க வேண்டும். கிராணி ஐயாவுக்கு டி 28 என்றால் 0.5 × 2.25, அதாவது சுமார் 1.1 பிரிசம். அதே ஆடிஷனை ரவுண்ட் 22இல் போட்டால் 1.1 × 2.25, ஏறக்குறைய 2.5 பிரிசம். ஒரு பிரிசம் என்பது ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு. கண்ணுக்கு ஒன்றரை மீட்டர் கீழே இருக்கும் கோயில் படியைப் பார்க்கும்போது, டி 28இல் படி ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் மேலே குதித்தது போல் தெரியும். ரவுண்டில் அது நாலு சென்டிமீட்டரை நெருங்கிவிடும். ‘படி எழும்பி வருது’ என்று ஆட்கள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் குதியே இல்லாத எக்ஸிகியூட்டிவ்தானே நல்லது? மேசையை விட்டு நகராமல் பெரிய பேரேடு விரித்து எழுதுகிறவருக்கு நல்லதுதான். நடக்கிறவருக்கு நான் கொடுப்பதில்லை. லென்ஸின் கீழ்ப் பாதி முழுக்கப் படிக்கிற பவர் என்பதால், கால் வைக்கிற இடம் எந்தப் பக்கம் பார்த்தாலும் மங்கும். டி 28இல் துண்டின் இரண்டு ஓரத்திலும் தூரப் பவர் மிச்சமிருக்கும். மோட்டாரை நிறுத்திக் கால் ஊன்றும்போது அந்த ஓரம் உதவும். தவிர, எக்ஸிகியூட்டிவ் தடிமனாகவும் கனமாகவும் வரும். கனமான கண்ணாடி மூக்கில் இறங்கும். இறங்கினால் கோடும் இறங்கும்.

ஏன் கீழ் இமை ஓரம்?

வழக்கமான விதி, துண்டின் கோடு கீழ் இமையின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்பது. இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் பல பேர் காரணம் சொல்வதில்லை. நேராகப் பார்க்கும்போது கருவிழியின் அடிவிளிம்பும் கீழ் இமையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். அது பாவையின் நடுவிலிருந்து ஐந்தாறு மி.மீ. கீழே. மேசையில் வைத்துப் படிக்கும்போது கண் லென்ஸில் எட்டிலிருந்து பத்து மி.மீ. வரை கீழே இறங்கிப் பார்க்கிறது. கோட்டை இமை ஓரத்தில் வைத்தால் டி 28இன் மையம் அதிலிருந்து 5 மி.மீ. கீழே, அதாவது பாவையிலிருந்து பத்து, பதினொரு மி.மீ. கீழே வந்து நிற்கும். கண் தானாக இறங்குகிற இடமும் துண்டின் மையமும் சந்தித்துவிடுகின்றன. இமை ஓரமும் ஃபிளாட் டாப்பும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போவது இதனால்தான்.

ரவுண்டில் இந்தப் பொருத்தம் வராது. அதன் மையம் பாவையிலிருந்து பதினாறு, பதினேழு மி.மீ. கீழே போய்விடும், கண் அவ்வளவு இறங்காது. அகலத்தையும் பாருங்கள். கோட்டுக்கு 3 மி.மீ. கீழே டி 28இன் அகலம் கிட்டத்தட்ட முழு 28. ரவுண்ட் 22இல் அதே இடத்தில் 15 மி.மீ.தான், வட்டத்தின் உச்சி குறுகலாக இருப்பதால். பத்திரிகையின் ஒரு பத்தியைப் படிக்கப் போதும். கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்குப் போகத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். அதனால் ரவுண்ட் போட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குக் கோட்டை ஒரு மி.மீ. ஏற்றி வைக்கிறோம்.

ஒரு மி.மீ. என்ன பெரிதா என்று கேட்கலாம். கண் சுழலும் மையம் லென்ஸுக்கு 27 மி.மீ. அளவு பின்னால் இருக்கிறது. லென்ஸில் ஒரு மி.மீ. என்றால் கண்ணுக்கோ தலைக்கோ சுமார் 2 பாகை திருப்பம். கோடு 4 மி.மீ. இறங்கியிருந்தால், படிக்கிற நேரம் முழுக்க முகவாயை 8 பாகை தூக்கி வைத்திருக்க வேண்டும். அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்து பார்த்தால் கிராணி ஐயாவின் கழுத்து ஏன் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பது புரியும்.

அளப்பதற்கு முன் ஃபிரேம்

அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபிரேம் முகத்தில் சரியாக உட்காராமல் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முதலில் காதுக்குப் பின்னால் காம்பு வளையும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து மூக்குப் பேட் இரண்டும் மூக்கின் பக்கவாட்டில் முழுதாகப் படிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஃபிரேமின் கீழ் ஓரம் கன்னத்தை நோக்கிச் சற்று உள்ளே சாய்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஆளைத் தலையைக் குனியச் சொல்லி, ஆட்டச் சொல்லி, மறுபடி நிமிரச் சொல்லுங்கள். நகர்ந்த ஃபிரேம் எங்கே நிற்கிறதோ அதுதான் வீட்டிலும் நிற்கப் போகும் இடம். நம் ஊர் வெயிலில் வியர்த்த மூக்கில் ஃபிரேம் இன்னும் கொஞ்சம் வழுக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராணி ஐயாவின் ஃபிரேம் மெட்டல், பெரியது, லென்ஸின் உயரம் 38 மி.மீ. மூக்குப் பேட் இரண்டும் விரிந்து போயிருந்தன. சட்டைப் பையில் போட்டு எடுக்கிற பழக்கம். பேட்களை உள்ளே மடக்கியதும் ஃபிரேம் 2 மி.மீ. மேலே ஏறியது. பாதி நோய் அங்கேயே தீர்ந்தது என்று சொல்ல ஆசைதான். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது.

கோட்டின் உயரத்தை அளப்பது

ஆளுக்கு எதிரே, சுமார் 40 செ.மீ. தள்ளி உட்காருங்கள். உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் கடையில் இதற்காகவே ஏற்றி இறக்குகிற ஸ்டூல் வைத்திருக்கிறோம். நீங்கள் 5 செ.மீ. உயரமாக உட்கார்ந்தால், உங்கள் பார்வை சாய்வாக இறங்கி லென்ஸைத் தாண்டி இமைக்குப் போகும். குறி ஒன்றரை மி.மீ. மேலே விழும். தாழ உட்கார்ந்தால் அதே அளவு கீழே விழும். நின்றுகொண்டே குனிந்து அளப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

அவரை உங்கள் மூக்கின் மேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையை அவர் வழக்கமாக வைத்திருப்பது போல வைத்திருக்கட்டும். சிலர் போட்டோவுக்கு உட்காருவது போல முகவாயைத் தூக்குவார்கள். ஒரு நிமிடம் ஊர்க்கதை பேசினால் இறங்கிவிடும். பசியாறிவிட்டீர்களா என்ற ஒரு கேள்வி போதும்.

இப்போது ஃபிரேமில் உள்ள மாதிரி லென்ஸில், கீழ் இமை ஓரத்துக்கு நேராக மெல்லிய மார்க்கரால் ஒரு சிறு கோடு போடுங்கள். மாதிரி லென்ஸ் இல்லையென்றால் செலோடேப்பைக் குறுக்கே ஒட்டி அதில் போடலாம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

ஃபிரேமைக் கழற்றி ஸ்கேலில் அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கோட்டின் உயரம் என்பது லென்ஸ் வடிவத்தின் ஆகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து கணக்கிடப்படுவது, பாவைக்கு நேர் கீழே இருக்கும் விளிம்பிலிருந்து அன்று. ஃபிரேமின் கீழ் விளிம்பு காதுப் பக்கமாகத் தொங்கும் வடிவம் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்காது. லென்ஸ் வெட்டும் லேப் தாழ்ந்த புள்ளியிலிருந்துதான் எண்ணும். நீங்கள் பாவைக்கு நேர் கீழே 15 என்று எழுதிக் கொடுத்து, தாழ்ந்த புள்ளி அதற்கு 2 மி.மீ. கீழே இருந்தால், கோடு 2 மி.மீ. தாழ்ந்து வந்து சேரும். அதோடு, முழு வளையமுள்ள ஃபிரேமில் லென்ஸின் ஓரம் பள்ளத்துக்குள் அரை மி.மீ. போய் உட்காரும். உள் விளிம்பிலிருந்து அளந்தால் அந்த அரையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிராணி ஐயாவுக்குப் பேட் சரிசெய்த பிறகு வலது 17, இடது 16 வந்தது. இரண்டு கண்ணும் வேறு வேறு உயரமோ என்று உடனே எழுதிவிடக் கூடாது. ஃபிரேமை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு காம்பு தூக்கிக்கொண்டு நின்றது. நிமிர்த்தி மறுபடி அளந்தால் இரண்டும் 17. பழைய லென்ஸில் கோடு இருந்த உயரம் 13. ஆக, பேட் விரிந்திருந்தபோது கோடு இமைக்கு 6 மி.மீ. கீழே இருந்திருக்கிறது. பேட்டை மடக்கியும் 4 மி.மீ. பாக்கி. அது லென்ஸை மாற்றாமல் தீராது. முன்பு அளந்தவர் பாவைக்கு நேர் கீழே அளந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த ஃபிரேம் தொங்கும் வடிவம்தான்.

டேப் ஒட்டிப் பார்ப்பது

எண் கிடைத்தவுடன் ஆர்டர் போடுவதில்லை. ஒளி புகாத டேப்பை எடுத்து, அதன் மேல் ஓரம் கோடு வரப்போகும் இடத்தில் நிற்கும்படி மாதிரி லென்ஸில் ஒட்டி, ஆளை நடக்க விடுவேன். 17இல் ஒட்டினோம். கிராணி ஐயா கடையிலிருந்து அஞ்சடிக்குப் போய், அங்கிருந்து இரண்டு படி இறங்கி, சாலையோரம் நிறுத்தியிருந்த தன் மோட்டார் வரை போய் வந்தார்.

“உட்கார்ந்தா சரியா இருக்கு. படி இறங்கும்போது கொஞ்சம் மறைக்குது” என்றார்.

டேப்பை 16க்கு இறக்கி மறுபடி அனுப்பினேன். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார். 16 என்று முடிவு செய்தேன். அவர் உயரமான ஆள், நடை அதிகம். அப்படிப்பட்டவருக்கு இமையிலிருந்து ஒரு மி.மீ. இறக்கி வைப்பது வழக்கம்தான். நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிற அக்காவாக இருந்திருந்தால் 17ஐ விட்டு இறங்கியிருக்க மாட்டேன்.

துண்டுகள் உள்பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பதும் ஆர்டரில் போகும். தூரத்துக்கு இரண்டு பாவைகளுக்கும் இடையே 64, படிக்கும்போது 60 என்றால் பக்கத்துக்கு 2 மி.மீ. உள்ளே. இவருக்குப் பழைய கண்ணாடியிலேயே அது சரியாக இருந்தது.

தப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க

படிக்கும்போது முகவாய் மேலே போனால் கோடு தாழ்ந்திருக்கிறது. நடக்கும்போது முகவாய் நெஞ்சைத் தொடக் குனிந்தால், அல்லது எதிரே வருபவரின் முகத்துக்குக் குறுக்கே கோடு விழுகிறது என்றால், கோடு உயர்ந்திருக்கிறது. முதல் வகைக்கு விரலால் ஃபிரேமைத் தூக்கியும், இரண்டாவதற்கு மூக்கில் இறக்கியும் பாருங்கள். உடனே சரியானால் உயரம்தான் காரணம். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தை மூக்குப் பேட்டை மடக்கியோ விரித்தோ சமாளிக்கலாம். பேட் இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேமில் அந்த வசதி கிடையாது. அதனால் பைஃபோக்கல் முதல்முறை போடுகிறவர்களை மெட்டல் ஃபிரேம் பக்கம் தள்ளிவிடுவேன்.

தூக்கினாலும் இறக்கினாலும் படிப்பது சரியாகவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இரண்டு கண்ணின் பவரும் 2 டயாப்டர் அளவு வித்தியாசப்பட்டால், ஒரு சென்டிமீட்டர் கீழே பார்க்கும்போது ஒரு கண்ணுக்கும் மற்றதற்கும் 2 பிரிசம் மேல்கீழ் வேறுபாடு வந்துவிடும். வரிகள் இரட்டையாகத் தெரியும், கண் இழுக்கும். அதைக் கோட்டின் உயரம் குணப்படுத்தாது, மறுபடி பரிசோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தோட்டத்து வேலைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பால்மரத்தில் வெட்டு நெஞ்சு மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும்போது பைஃபோக்கல் நன்றாக உதவும். வெட்டு தலைக்கு மேலே ஏறிவிட்டால் துண்டு கீழேதான் இருக்கிறது, எவ்வளவு சரியாக அளந்து வைத்தாலும் பயனில்லை. அந்த வேலைக்கு முழு லென்ஸிலும் ஒரே பவர் போட்ட தனிக் கண்ணாடி வேண்டும். தூரம் எவ்வளவு என்று கேட்டு அதற்கேற்ற பவரைப் போட வேண்டும். செம்பனைக் காட்டில் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடக்கிறவர்களுக்கு நான் பைஃபோக்கலே தருவதில்லை. தூரத்துக்கு ஒன்று, வீட்டில் படிக்க ஒன்று என்று இரண்டாகச் செய்துகொள்ளச் சொல்வேன். செலவு கூடுதல்தான், ஆனால் பலகையிலிருந்து விழுந்தால் ஆகும் செலவு அதைவிடக் கூடுதல்.

லென்ஸ் ஒரு வாரத்தில் வந்தது. மாட்டுவதற்கு முன் கோட்டின் உயரத்தை ஸ்கேலில் அளந்தேன், இரண்டும் 16. டி 28 பிளாஸ்டிக் லென்ஸில் கோட்டை நகத்தால் தடவினாலே தட்டுப்படும், அளப்பது எளிது. கிராணி ஐயா வந்து போட்டுக்கொண்டு பத்திரிகையை மடியில் வைத்தார். முகவாய் அசையவில்லை, கண் மட்டும் இறங்கியது. ராசிபலனைப் படித்து முடித்துவிட்டு, பழைய கண்ணாடியை எடுத்து மறுபடி சட்டைப் பையில் போடப் போனார். நான் உறை ஒன்றை நீட்டினேன்.